"ஓடவில்லையாம்": பழைய டயறியின் ஒரு வரியைக் கட்டுரையாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், ஒரு தாதி, தபால் கந்தோரில் வேலை செய்த ஒருவர், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர். ஆளுக்கொரு பழைய கொப்பி கையில் இருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து அறுநூறு எழுநூறு சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு என் சொந்த வரி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களின் வரிகளைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஓரிரு இடம் தவிர. அதற்கும் கேட்டுவிட்டேன்.

என் டயறி முழுக்க "எழும்பினேன், சாப்பிட்டேன், படுத்தேன்" என்றுதான் இருக்கிறது. இதில் எந்த வரியை எடுப்பது?

பெரிய சம்பவம் உள்ள வரியைத் தள்ளி வையுங்கள். கோணேசர் கோயில் திருவிழா, அக்காவின் கல்யாணம், புயல் அடித்த நாள் போன்றவற்றை டயறி இல்லாமலே உங்களால் எழுத முடியும். அவற்றைப் பலமுறை சொல்லிச் சொல்லி உங்களிடம் ஒரு கதை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் அந்தக் கதைதான் வரும், வரி வராது.

எழுதி வைக்கவே தேவையில்லாத அளவு சின்ன விஷயம், ஆனாலும் எழுதப்பட்டிருக்கிறது: அந்த இடத்தில் நில்லுங்கள். சோம்பேறியான ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மற்ற நாளெல்லாம் மூன்று சொல்லோடு முடித்துக்கொண்டவன், அன்றைக்கு மட்டும் ஏன் ஒரு முழு வாக்கியம் எழுதினான்?

என் வரி இது. 1976 ஜூலை 13 என்று திகதி போட்ட பக்கத்தில், கோடு போட்ட பள்ளிக் கொப்பியில், பென்சிலால்:

"இன்று பாதை ஓடவில்லையாம் என்று அம்மா அப்பாவின் பீங்கானை மூடி வைத்தார்."

இளையவர்களுக்காக ஒரு சொல்: இங்கே பாதை என்பது தெரு அல்ல. கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்கிய மிதவைதான் பாதை. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் போனவர்களும் அங்கிருந்து நகரத்துக்கு வந்தவர்களும் அதற்காகத்தான் காத்து நின்றார்கள். அப்பா அக்கரையில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பித்தார். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்புவார். பாதை ஓடாவிட்டால் வரமாட்டார்.

ஒரு வரியில் அப்படி என்னதான் இருந்துவிடும்? எனக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

வாசித்தால் தீர்ந்துவிடும். அதனால் கையால் ஒரு வெற்றுத் தாளில் பார்த்து எழுதுங்கள். பிழையைத் திருத்தாமல், குறியீடுகளைச் சேர்க்காமல், இருக்கிறபடியே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லின் வாலையும் பாருங்கள். தமிழில் செய்தியைச் சொல்லின் தலை சொல்லும், சொன்னவரின் நிலையை வால் சொல்லும். "அவரும் வந்தார்" என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள். "இன்றைக்குத்தான்" என்றால் பல நாள் நடக்காதது நடந்திருக்கிறது. "அவர்கூடச் சிரித்தார்" என்றால் அவர் சிரிக்காதவர்.

என் வரியை நான் நாற்பது வருடத்தில் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் "பாதை ஓடவில்லை" என்றே என் கண் வாசித்தது. கையால் எழுதிய அன்றுதான் பென்சில் நின்றது: ஓடவில்லை அல்ல, ஓடவில்லை*யாம்*. பிள்ளைக்குத் தெரிந்த செய்தி அல்ல அது. யாரோ சொன்ன செய்தி. அதை அவன் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை, அம்மாவின் பொறுப்பிலேயே விட்டுவிட்டான்.

அடுத்த சொற்கள் "மூடி வைத்தார்." மூடினார் என்று எழுதவில்லை. "வைத்தல்" என்ற துணைவினை சும்மா வராது. பின்னால் தேவைப்படும் என்று ஒன்றைச் செய்தால்தான் "செய்து வைத்தேன்" என்கிறோம். தண்ணீர் பிடித்து வைத்தேன், காசு எடுத்து வைத்தேன். அம்மா சோற்றை மூடி வைத்தார் என்றால், அதைச் சாப்பிட ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தார்.

இப்போது வரியின் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதை ஓடாவிட்டால் அப்பா அன்றிரவு வரவே முடியாது. வரமுடியாதவருக்கு எதற்குச் சோறு? பாதை ஓடவில்லை என்று எனக்குச் சொன்ன அதே அம்மா, அது ஓடுகிறது என்பதுபோல நடந்துகொண்டார். கட்டுரை எனக்கு அங்கேதான் தொடங்கியது. வரிக்கு வெளியே எங்கும் போகவில்லை, வரிக்குள்ளேயே ஒரு வெடிப்பு இருந்தது.

எல்லா வரியிலும் வெடிப்பு இராது. பார்த்து எழுதி, வாலை எல்லாம் தட்டிப் பார்த்து, ஒன்றும் அசையவில்லை என்றால் அந்த வரியை விட்டு இன்னொன்றை எடுங்கள். அதற்கு ஒரு பின்னேரம்தான் செலவாகும்.

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டயறியில் இல்லாததையும் ஞாபகத்திலிருந்து எழுதலாம்தானே?

எழுதலாம். ஆனால் ஞாபகத்தைத் தனித் தாளில் எழுதுங்கள். நான் ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்வேன். முதல் பத்தியில் கொப்பி சொல்வது. இரண்டாவதில் எனக்கு நினைவிருப்பது. மூன்றாவதில் பிறகு கேட்டும் தேடியும் அறிந்தது. ஒன்றை ஒன்றோடு கலக்க மாட்டேன்.

இரண்டாவது பத்தியில் நான் எழுதியது: அன்றிரவு நல்ல மழை, லாம்பு காற்றில் ஆடியது, கூரை ஓட்டில் ஒழுக்கு, அதற்குக் கீழே வாளி. அவ்வளவு தெளிவாக இருந்தது. வாளியின் கைபிடிக் கம்பி வளைந்திருந்தது வரை ஞாபகம்.

பிறகு திகதியைப் பார்த்தேன். ஜூலை 13. திருகோணமலையில் ஜூலையில் அப்படி மழை எங்கே? எங்களுக்கு மழை வாடைக் காற்றோடுதான் வரும், ஒக்டோபர் கடைசியிலிருந்து தை மாதம் வரை. ஜூலையில் அடிப்பது கச்சான். மேற்கேயிருந்து மலைநாட்டைத் தாண்டி, ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு, காய்ந்த சூடாக வருகிற காற்று. உதடு வெடிக்கும், கிணறு இறங்கும், கடல் தட்டையாகக் கிடக்கும். நான் நினைவில் வைத்திருந்த மழை ஏதோ ஒரு மார்கழி மழை. பாதை ஓடாத இரவு என்றால் வெள்ளக்கால இரவு என்று என் மூளை தானே முடிவெடுத்து, இருந்த மழையில் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டது.

மழையை அடித்துவிட்டேன். வாளியையும்தான், மனமில்லாமல். மழை போனதும் இன்னொன்றும் கூடவே போனது: பாதை நிற்பதற்கு நான் வைத்திருந்த காரணம். வெள்ளம் இல்லை, கடல் அமைதி. இயந்திரம் பழுதாகியிருக்கலாம், வேறு ஏதாவது ஆகியிருக்கலாம். ஆனால் "இயற்கையாகவே நின்றிருக்கும்" என்று இனி எழுத முடியாது.

நினைவு பொய் என்று சொல்லவில்லை. எந்த நாளின் நினைவு என்பதைத்தான் அது சரியாகச் சொல்லாது.

பழைய திகதி, கிழமை எல்லாம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

கிழமையை எந்தத் தொலைபேசியின் நாட்காட்டியும் சொல்லிவிடும். 1976 ஜூலை 13 செவ்வாய்க்கிழமை. பள்ளி நாள், அப்பா அக்கரைக்குப் போயிருக்க வேண்டிய நாள். சனி ஞாயிறாக இருந்திருந்தால் என் கட்டுரை அங்கேயே விழுந்திருக்கும்.

நிலவையும் பாருங்கள். அந்த மாதம் பௌர்ணமி 11ஆம் திகதி. இரண்டு நாள் கழித்து நிலா எட்டு மணியளவில் எழும், எங்கள் ஊரில் அது கடலிலிருந்து எழும். அப்பாவுக்காக முற்றத்தில் காத்திருந்தவன் எட்டு மணி வரை இருட்டிலும் அதற்குப் பிறகு நல்ல வெளிச்சத்திலும் இருந்திருப்பான். கட்டுரையில் இது ஒரே ஒரு வாக்கியமாக வந்தது. அதற்கு மேல் நிலவை இழுத்தால் கவிதை எழுதத் தொடங்கிவிடுவோம்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் தாதி அக்கா தன் தாயாரின் 1969ஆம் ஆண்டு டயறியில் "ஞாயிறு, பள்ளிக்கூடம் போனேன்" என்று கண்டு, அம்மா கிழமையைப் பிழையாக எழுதிவிட்டார் என்று திருத்தவே புறப்பட்டுவிட்டார். பிழை இல்லை. இலங்கையில் 1966 தொடக்கம் 1971 நடுப்பகுதி வரை வார விடுமுறை சனி ஞாயிறு அல்ல, போயா தினமும் அதற்கு முந்தின நாளும்தான். நிலவின் வளர்பிறை தேய்பிறையைப் பின்பற்றி விடுமுறை நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த ஆண்டுகளின் டயறி கையில் இருந்தால் இதை மறக்க வேண்டாம். டயறி தவறாகத் தெரியும் இடத்தில் முதலில் உங்களைச் சந்தேகப்படுங்கள்.

ஊர்ச் செய்தி தேவையென்றால் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் பல noolaham.org தளத்தில் கிடைக்கின்றன. அங்கே இல்லாதவற்றுக்குக் கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் அறுநூறு சொல் கட்டுரைக்குக் கொழும்புக்கு பஸ் ஏறுவது அதிகம். முதலில் அதே பக்கத்தின் மற்ற வரிகளை வாசியுங்கள்.

அதே பக்கத்தின் மற்ற வரிகளா? ஒரு வரி என்றுதானே சொன்னீர்கள்?

கட்டுரை ஒரு வரியைப் பற்றியது. சாட்சிகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம்.

என் பக்கத்தில் அந்த வரிக்கு மேலே இப்படி இருந்தது: "பள்ளியால் வந்தேன். கிண்ணியாத் தயிர்க்காரர் வந்தார். ஒரு சட்டி வாங்கினோம்." இதை நான் எப்போதும் தாண்டிப் போயிருக்கிறேன். தயிர் வாங்குவது ஒரு செய்தியா? ஆனால் தயிர்க்காரர் காவில் சட்டிகளை அடுக்கிக்கொண்டு அக்கரையிலிருந்து வருபவர். அவரும் அதே துறையைக் கடந்துதான் வர வேண்டும்.

துள்ளிக் குதித்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அவர் காலையிலேயே கடந்திருக்கலாம், பாதை மத்தியானத்துக்குப் பிறகு நின்றிருக்கலாம். தோணியில் வந்திருக்கலாம். முதல்நாளே வந்து இக்கரையில் தங்கியிருக்கலாம். தயிர்ச் சட்டி எதையும் நிரூபிக்கவில்லை. சந்தேகத்தை ஒரு படி ஏற்றியது, அவ்வளவுதான். கட்டுரையில் நான் எழுதியதும் அந்த அளவுதான்: "தயிர் கடந்து வந்த அன்று அப்பா கடந்து வரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வழியுண்டு. அந்த வழிகளை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன்."

வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் ஒன்றில் "ஞாபகம் இல்லை" என்கிறார்கள், இல்லாவிட்டால் அழுகிறார்கள். எப்படிக் கேட்பது?

சம்பவத்தைக் கேட்காதீர்கள். பொருளைக் கேளுங்கள்.

அம்மா அப்பா இருவரும் இல்லை. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, உப்புவெளியில் இருக்கிறார். "அந்தக் காலத்தில் அப்பா ஏன் சில நாள் வீட்டுக்கு வரவில்லை?" என்று கேட்டிருந்தால் பேச்சை மாற்றித் தேநீர் வைக்க எழுந்து போயிருப்பார். நான் கேட்டது, "அப்பாவின் பீங்கான் என்ன நிறம், சின்னம்மா?"

"நீலக் கரை," என்றார் உடனே. "அதிலே வேறு யாருக்கும் போட மாட்டாள். நான் ஒருநாள் தெரியாமல் எடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்." கொஞ்ச நேரம் முருங்கைக்காயை நறுக்கினார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அந்த வருடம் அதை எத்தனை நாள் மூடி வைத்தாளோ" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மூன்றாக மடித்த தாளின் மூன்றாவது பத்தியில் அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதினேன். ஒரு நாள் தள்ளியிருந்தால் "எத்தனை நாள்" என்பது என் கையில் "பல நாள்" என்று ஆகியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. "எத்தனை நாள் மூடி வைத்தாளோ" என்பதில் எண்ணாமல் விட்டவரின் வருத்தம் இருக்கிறது.

முதல் பத்தி வரவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

எங்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித் தொடங்குகிறார்கள்: "வங்கக் கடலின் அலைகள் தாலாட்டும் திருகோணமலை, இயற்கைத் துறைமுகத்தால் உலகப் புகழ் பெற்றது." பள்ளியில் இப்படித் தொடங்கினால் புள்ளி கிடைத்தது. அந்தப் பழக்கம் போக மாட்டேன் என்கிறது. துறைமுகத்துக்கும் மூடிய பீங்கானுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது வகை: "அண்மையில் என் பழைய டயறியைப் புரட்டியபோது..." இதுவும் வேண்டாம். டயறியைப் புரட்டியது உங்கள் வேலை. வாசகருக்கு அது தேவையில்லை.

வரியில் உள்ள பொருள்களில் கையில் தூக்கக்கூடியது எது என்று பாருங்கள். பாதையைத் தூக்க முடியாது. பீங்கானைத் தூக்கலாம். அதனால் நான் இப்படித் தொடங்கினேன்:

"எங்கள் வீட்டில் நீலக் கரை போட்ட பீங்கான் ஒன்றே ஒன்று இருந்தது. அப்பா மட்டும்தான் அதில் சாப்பிடுவார். 1976 ஜூலை 13, செவ்வாய் இரவு, அம்மா அதில் சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஓரமாக ஊற்றி, இன்னொரு பீங்கானால் மூடினார். பாதை ஓடவில்லை என்று எனக்குச் சொன்னார். நான் நம்பினேன்."

அந்த மீன் குழம்பு கொப்பியில் இல்லை. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், எனக்கு அதில் இன்னும் குற்ற உணர்வு உண்டு.

டயறி வரியை எந்த இடத்தில் வைப்பது? தலைப்புக்குக் கீழேயா?

முதல் பிரதியில் நானும் மேலேதான் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வாசகருக்கு அது வெறும் வரி. பீங்கான் யாருடையது, பாதை எது என்று தெரியாமல் அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். கட்டுரை முழுவதும் அந்த வரிக்கு உரை எழுதுவதுபோல ஆகிவிட்டது.

பிறகு நடுவுக்கு நகர்த்தினேன். முதலில் பீங்கான். அடுத்து துறை, அப்பா போய்வரும் வழி, முற்றத்தில் காத்திருப்பது. கட்டுரையின் மூன்றாவது பத்தியில், வாசகர் "பாதை ஓடவில்லை" என்பதை என்னைப் போலவே நம்பியிருக்கும்போது, கொப்பியின் வரியை எழுத்துக்கு எழுத்து வைத்தேன். அடுத்த வாக்கியம்: "ஓடவில்லையாம் என்று எழுதியிருக்கிறேன்." அதன் பிறகு ஜூலை, கச்சான், தயிர். நான்காவது பத்தி சின்னம்மா. ஐந்தாவது மறுநாள் காலை. ஏறத்தாழ அறுநூற்றைம்பது சொல். இதில் துறையைப் பற்றிய பத்திதான் வீங்கிக்கொண்டே போனது. கிண்ணியாவில் இறங்கி நடப்பது, பஸ் காத்து நிற்பது என்று முந்நூறு சொல் எழுதிவிட்டேன். எல்லாம் உண்மை, எல்லாம் பிடித்தது. பீங்கானுக்குத் தேவையான நூற்றைம்பதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வேறு தாளுக்கு மாற்றினேன்.

தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பலாமா?

நிரப்பலாம், ஆனால் நிரப்பியது தெரிய வேண்டும். அதற்குத் தமிழில் வேறு ஒன்றும் தேவையில்லை, வினைமுற்று போதும். "இருந்தது" என்றால் கொப்பியிலோ சாட்சியிலோ உள்ளது. "இருந்திருக்கும்" என்றால் கணக்குப் போட்டு அறிந்தது, நிலவைப் போல. "இருக்கலாம்" என்றால் ஊகம். மூன்றையும் கவனமாகப் போட்டால், "இது என் கற்பனை" என்று எங்கும் நிறுத்திச் சொல்ல வேண்டியதில்லை. வாசகர் தானே பிரித்துக்கொள்வார்.

திருத்தும்போது ஒரு வண்ணப் பென்சில் எடுத்து "இருந்தது, சொன்னார், வந்தார்" என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்தித் தாளில் இடம் இருக்கிறதா? இல்லாதவை மாட்டிக்கொள்ளும். என் மீன் குழம்பு அப்படித்தான் மாட்டியது. "மீன் குழம்பாக இருந்திருக்கும்" என்று மாற்றிப் பார்த்தேன், முதல் பத்தியின் நடை நொண்டியது. கடைசியில் குழம்பையே எடுத்துவிட்டேன். சோறு போதும். மேலே உங்களுக்குக் காட்டியது பழைய பிரதி.

அப்பா அன்றிரவு எங்கே இருந்தார் என்பதை நான் நிரப்பவில்லை. அதற்கு மூன்று சுவையான பதில்கள் என்னிடம் இருந்தன. மூன்றுமே கட்டுரையை அப்பாவைப் பற்றியதாக ஆக்கிவிடும். வரி அம்மாவைப் பற்றியது.

கொப்பியில் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிப்போயிருக்கின்றன. பென்சில் எழுத்தும் மங்கிவிட்டது. என்ன செய்வது?

உப்புக் காற்று ஊரில் இது எல்லோருக்கும் உள்ளது. ஒட்டிய தாளை இழுக்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். நிழலில், காற்றோட்டமாக, நாள் கணக்கில் காய விட்டுப் பிறகு மெல்லிய அட்டை ஒன்றை ஓரத்திலிருந்து நுழைத்துப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். மங்கிய பென்சிலுக்கு ஒரு டோர்ச் லைட்டைத் தாளின் பக்கவாட்டிலிருந்து சரித்துப் பிடித்துப் படம் எடுத்தால், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வாசிக்க முடியும். எழுத்தின் மேல் புதிதாக எழுதிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

கொப்பி என்னுடையது அல்ல, இறந்துபோன அப்பாவுடையது. அதில் வேறு ஆட்களின் பெயர்களும் இருக்கின்றன.

எங்கள் மாவட்டத்தில் எண்பதுகளுக்குப் பிறகு எழுதிய டயறி என்றால் இதை இலேசாக எடுக்க முடியாது. யார் யாருடைய வீட்டில் தங்கினார், யார் யாருக்குப் பணம் கொடுத்தார் என்ற ஒரு வரி இன்றைக்கும் ஒருவருக்குத் தலைவலியாகலாம். உயிரோடு இருப்பவர் என்றால் பெயரை எடுத்துவிடுவதோடு நில்லாமல், ஊரையும் தொழிலையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் தெரிகிறதா என்று யோசியுங்கள். சிறிய ஊரில் "சந்தி வைத்தியர்" என்றாலே போதும்.

இறந்தவரின் கொப்பியை எடுத்தால், முதலில் உடன்பிறந்தவர்களுக்கு அந்த வரியைக் காட்டுங்கள், கட்டுரையை அல்ல. ஒருவர் தன் தகப்பனாரின் வரியை எழுதி முடித்துவிட்டுத் தம்பிக்குக் காட்டினார். "இது அப்பாவின் கையெழுத்தே இல்லை, பெரியப்பாவுடையது" என்றார் தம்பி. நல்ல கட்டுரை அது. இப்போது பெட்டிக்குள் கிடக்கிறது.

என் கட்டுரையைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "முருங்கைக்காயை எடுத்துவிடு" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். இங்கே எழுதலாமா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பிழைகளையும் பேச்சுச் சொற்களையும் திருத்தி எழுதலாமா?

மேற்கோளுக்குள் தொடாதீர்கள். நான் "ஓடவில்லையாம்" என்பதை நல்ல தமிழாக்குகிறேன் என்று "ஓடவில்லை எனத் தெரிகிறது" என்று மாற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

முடிவு எப்படி எழுதுவது? என் முடிவுகள் எல்லாம் மேடைப் பேச்சுப்போல வருகின்றன.

என் முதல் பிரதியின் கடைசிப் பத்தி இது: "இன்று கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது. ஆனால் மனங்களுக்கிடையே பாலம்..." மிச்சத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாலம் என்று ஒன்று பக்கத்தில் இருந்தால் யாருக்கும் இந்த ஆசை வரும்.

அதை வெட்டினேன். வெட்டிய பிறகு கட்டுரை சின்னம்மாவின் சொல்லோடு நின்றது. அதுவும் சரியில்லை. அவருடைய வருத்தத்தை நான் இரவல் வாங்கியதுபோல இருந்தது. மறுபடி கொப்பிக்குப் போனேன். இரண்டு நாளாக இந்தப் பக்கத்திலேயே இருந்த எனக்கு, ஏனோ தாளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியிருக்கவில்லை. ஜூலை 14, புதன்கிழமை. வழக்கமான மூன்று சொல் வரி: "காலை பழஞ்சோறும் தயிரும்."

கட்டுரையின் கடைசிப் பத்தியை இப்படி எழுதினேன்: "மறுநாள் காலை பழஞ்சோறும் தயிரும் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறேன். தயிர் கிண்ணியாவிலிருந்து வந்தது. சோறு யாருடையது என்று எழுதவில்லை."

முடிவு வராவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் அடுத்த நாளின் பக்கத்தைத் திருப்புங்கள். பல சமயம் அங்கே ஒன்றும் இராது, அல்லது பக்கமே கிழிந்திருக்கும். கிழிந்திருந்தால் அதையும் எழுதலாம்.

ஒரு வரியிலிருந்து இரண்டாவது கட்டுரை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அதே வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். நான் இப்போது தயிர்க்காரரை எழுத முயல்கிறேன். கொப்பியில் அவர் ஒன்பது இடத்தில் வருகிறார். எட்டு இடத்தில் "தயிர்க்காரர் வந்தார்." ஒரே ஒரு இடத்தில், அதே வருடம் ஓகஸ்டில், "தயிர்க்காரரும் வந்தார்" என்று இருக்கிறது. கூட வந்தவர் யார் என்று பார்க்க அந்தப் பக்கத்தை மூன்று வாரமாக மேசையில் விரித்து வைத்திருக்கிறேன்.